ஒளுவும் றமளானும் பிழையல்ல

பாசிக்குடாக் கடற்கரையிலிருந்து உள்நோக்கிச் சற்றே போனால் வாழைச்சேனை, பிறைந்துறைச்சேனை, மீராவோடை, ஓட்டமாவடி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் மூத்தவர்கள் தொழுகைக்கு முன் ஒளு எடுப்பார்கள். நோன்பு மாதத்தை றமளான் என்பார்கள். கட்டாயக் கடமை பறுளு, இறப்பு மவுத்து, புதைகுழி கபுறு, ஏழைக்குரிய பங்கு சக்காத்து. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் இதே சொற்கள்தாம். இவை அரபிலிருந்து வந்தவை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இந்தச் சொற்களைப் பற்றி இன்று பரவலாக நிலவும் கருத்து ஒன்று உண்டு. இவை அரபு தெரியாத முன்னோர் வாய்க்கு வந்தபடி சிதைத்த கொச்சைகள், படித்த தலைமுறை இவற்றைத் திருத்திச் சரியான அரபாகச் சொல்ல வேண்டும் என்பது அது. ஒளுவை வுதூ என்றும், மவுத்தை மவ்த் என்றும், கபுறைக் கப்ர் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லித் திருத்துகிறார்கள். பாட்டியின் பேச்சைப் பேரன் திருத்துவது கல்வியின் அடையாளமாகப் பாராட்டப்படுகிறது. இதன் மறுபக்கமாக, தமிழ்ப் பற்றாளர் சிலரும் இதே சொற்களைத் தமிழைக் கெடுக்கும் கலப்பு என்று ஒதுக்குகிறார்கள். ஒருவருக்கு இவை கெட்ட அரபு, மற்றவருக்குக் கெட்ட தமிழ். இரண்டு தீர்ப்பும் ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. இச்சொற்களின் ஓசை மாற்றத்துக்கு ஒழுங்கு ஏதும் இல்லை, அறியாமைதான் காரணம் என்பதே அந்த நம்பிக்கை.

அது தவறு. சொற்களைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மவுத்து என்பதிலிருந்தே தொடங்கலாம். அரபில் அது மவ்த். வகரமெய்யும் தகரமெய்யும் அடுத்தடுத்து நின்று, உயிரொலி இல்லாமல் சொல் முடிகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஓர் உகரம் வந்து அதைத் தாங்க வேண்டும். இரு மெய்களுக்கு நடுவிலும் ஓர் உகரம் நுழைகிறது. மவ்த் மவுத்து ஆகிறது. கப்ர் என்ற சொல்லில் பகரமும் ரகரமும் ஈற்றில் மயங்கி நிற்கின்றன. அந்த மயக்கத்தைத் தமிழ் ஏற்காது. நடுவில் ஓர் உகரம், ஈற்றில் ஓர் உகரம், கபுறு. பர்ள் பறுளு ஆனதும் இதே வழியில். வைகறைத் தொழுகையான ஸுப்ஹ், சுபஹு ஆனதும் இதே வழியில்தான். ஆளுக்கொரு விதமாகச் சிதைத்திருந்தால் ஊருக்கு ஊர் வேறு வேறு வடிவங்கள் கிடைத்திருக்கும். மெய்ம்மயக்கம் வரும் இடத்திலெல்லாம் ஒரே வகைத் தீர்வு கிடைப்பது, பேசியவர்கள் மனத்தில் ஒரு விதி இருந்ததையே காட்டுகிறது. பிறமொழிச் சொல் தமிழுக்குள் வரும்போது தமிழ் எழுத்துக்கும் ஓசைக்கும் இசைந்து வர வேண்டும் என்பதைத் தொல்காப்பியமே வடசொற்களைப் பற்றிப் பேசும்போது வகுத்திருக்கிறது. ஓட்டமாவடிப் பாட்டி தொல்காப்பியம் படித்ததில்லை. அவருடைய வாய் அதன்படி நடந்தது.

கபுறு என்று சொல்வதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஈராக்கின் பேச்சரபைக் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கும் பொதுமக்கள் ஈற்றில் நிற்கும் அந்த இரு மெய்களுக்கு நடுவே ஓர் உகரம் சேர்த்தே இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். அரபைத் தாய்மொழியாகக் கொண்டவர் செய்தால் வட்டார வழக்கு, தமிழர் செய்தால் பிழை என்று வைத்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

இதே விதிகள் முஸ்லிம்களின் வீட்டுக்கு வெளியிலும் வேலை செய்திருக்கின்றன. 'ரத்து' என்ற சொல்லைத் தமிழர் எல்லோரும் ஆள்கிறார்கள். பயணம் ரத்து, அனுமதி ரத்து. அரபில் அது ரத்த். தகரம் மெலிந்த ஓசையோடு இரட்டித்து வரும். திருப்பி அனுப்புதல், மறுத்தல் என்பது மூலப்பொருள். தமிழில் வல்லினம் இரட்டித்தால் வன்மையாகவே ஒலிக்கும், மெலிந்து ஒலிக்காது. அதனால் ஓசை வலுத்தது, ஈற்றில் உகரம் வந்தது. எல்லை என்று பொருள்படும் ஹத்த் என்ற சொல் அத்து ஆனதும் அப்படியே. முன்னே நின்ற ஹகரம் கழிந்தது. கிழக்கு மாகாணத்துச் செய்திகளில் நாள்தோறும் வரும் 'அத்துமீறல்' இந்தச் சொல்லிலிருந்து கிளைத்தது. நிபந்தனை என்ற பொருளில் அரபில் வழங்கும் ஷர்த், நடுவில் அகரம் பெற்றுச் சரத்து ஆகி, அரசியலமைப்பின் பிரிவைக் குறிக்கும் சொல்லாகவே இலங்கைப் பத்திரிகைகளில் வருகிறது. ரத்தையும் அத்துமீறலையும் சரத்தையும் யாரும் கொச்சை என்று சொல்வதில்லை. மவுத்தும் கபுறும் மட்டும் ஏன் கொச்சை?

அரபும் பிறமொழிச் சொல்லை இப்படித்தான் நடத்தியிருக்கிறது. இந்தியாவின் பிப்பலி என்ற சொல் பாரசீகம் வழியே மேற்கே போனது. அரபில் வன்மையாக ஒலிக்கும் பகரம் கிடையாது. ஆகவே அது ஃபில்ஃபில் ஆகி மிளகுக்குப் பெயரானது. அதே பிப்பலியைத் தமிழ் திப்பிலி ஆக்கிக்கொண்டது. நம் பகரத்தை அரபு ஃபகரமாக்கியது. அரபின் ஃபகரத்தைத் தமிழ் பகரமாக்கி, ஃபாத்திஹாவைப் பாத்திஹா என்றும் ஃபாத்திமாவைப் பாத்திமா என்றும் வழங்கியது. ஃபில்ஃபில் பிழையென்று எந்த அரபறிஞரும் வருந்தியதில்லை.

இதுவரை சொன்னது ஓசை மாற்றம் ஒழுங்கானது என்பதை மட்டுமே. ஒளு, றமளான், பறுளு என்ற சொற்களின் ளகரம் இதைவிடப் பெரிய செய்தி ஒன்றை வைத்திருக்கிறது.

தமிழ்நாட்டு நாள்காட்டியில் அந்த மாதத்துக்கு இரண்டு பெயர்கள் காணப்படும்: ரம்ஜான், ரமலான். இலங்கையில் றமளான் அல்லது றமழான். தமிழ்நாட்டில் ரிஸ்வான் என்று பெயர் வைப்பார்கள்; இலங்கையில் அதே பெயர் ரில்வான் அல்லது றிழ்வான். குர்ஆனை மனனம் செய்தவர் வடக்கே ஹாபிஸ், இலங்கையில் ஹாபிழ். இவற்றில் முதல் இரண்டு பெயர்களிலும் மூல அரபில் இருப்பது ஒரே எழுத்து. கிழக்கிலங்கை மதரசாக்களில் எழுத்துப் பாடம் சொல்லும்போது அதன் பெயரையே ளாத் என்றுதான் சொல்லி வந்தார்கள். ஹாபிழில் இருப்பது அதற்கு நெருங்கிய இன்னோர் எழுத்து. அதற்குப் பின்னர் வருவோம்.

இன்று கெய்ரோவில் ரமளானைச் சொல்லக் கேட்டால், அழுத்திச் சொல்லும் ஒரு தகரம் காதில் விழும். குவைத்திலோ ரியாதிலோ கேட்டால், நாக்கைப் பல்லிடையே வைத்து உரசிச் சொல்லும் வேறோர் ஓசை. வளைகுடாவில் வேலை செய்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பியவர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள். இரண்டில் எதிலும் ளகரம் இல்லை. அப்படியானால் பாட்டியின் ளகரம் எங்கிருந்து வந்தது? தமிழ் வாய்க்கு வராததால் மாறியது என்பதே வழக்கமான விடை.

இந்த விடை நிற்காது. தமிழில் தகரம் இருக்கிறது. உயிர்களுக்கு நடுவே வரும் டகரமோ, நாக்கை மேலே மடித்துச் சொல்லும் மெல்லிய ஓசை. கெய்ரோக்காரரின் அழுத்தமான ஓசைக்கு அதைவிட நெருங்கிய எழுத்து வேறு மொழிகளில் கிடைப்பதே அரிது. இன்றைய ஓசையை அன்று கேட்டிருந்தால் தமிழர் றமடான் என்றோ றமதான் என்றோ எளிதாகச் சொல்லியிருப்பார்கள். ஒடு, ஒது என்ற ஒலிகள் தமிழ் நாக்குக்குச் சிறு சிரமமும் தராதவை. கையருகே இருந்த டகரத்தையும் தகரத்தையும் விட்டுவிட்டு ளகரத்தை ஏன் எடுத்தார்கள்? காதில் விழுந்தது லகர வகை ஓசை என்பதால்தான்.

அரபிலக்கணத்தின் தந்தை என்று போற்றப்படும் சீபவைஹி 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்தவர். அவருடைய இலக்கண நூல் அரபின் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று விரித்துச் சொல்கிறது. ளாத் எழுத்து நாக்கின் பக்கவாட்டு விளிம்புக்கும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பிறக்கிறது என்கிறார் அவர். லகரம், ளகரம் ஆகியவற்றைச் சொல்லிப் பார்ப்பவர்களுக்குப் பக்கவாட்டில் காற்று வழிவது என்றால் என்னவென்று புரியும். வேறெந்த எழுத்தும் அந்த இடத்தில் பிறக்காது என்றும் அவர் குறிக்கிறார். இந்த ஓசை தம்மிடம் மட்டுமே உண்டு என்ற பெருமையில்தான் அரபியர் தம் மொழியை ளாத் எழுத்தின் மொழி என்று அழைத்தார்கள். நூற்றாண்டுகள் போகப் போக அரபு நாடுகள் பெரும்பாலானவற்றில் அந்தப் பக்கவாட்டு ஓசை மறைந்தது. சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் சில வட்டார வழக்குகளில் மட்டும் இன்னும் அது உயிரோடு இருப்பதாக மொழியியலாளர் பதிவு செய்திருக்கிறார்கள்.

அரபோடு உறவு கொண்ட பிறமொழிகளும் இதே சாட்சியைச் சொல்கின்றன. நீதிபதியைக் குறிக்கும் அரபுச் சொல் ஸ்பெயினுக்குள் போய் அல்கால்தே ஆனது. இன்று அது நகரத் தலைவருக்குப் பெயர். தகரத்துக்கு முன்னே ஒரு லகரம் ஒட்டியிருப்பதைக் காணலாம். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹவுசா மொழியில் அதே நீதிபதி அல்காலி. மலாய் மொழியில், கடமையைக் குறித்த பர்ள் என்ற சொல் பெர்லு ஆகி, தேவை என்ற பொருளில் நாள்தோறும் வழங்குகிறது. மனநிறைவைக் குறித்த சொல் ரெலா ஆனது. மலையாளத்து மாப்பிள்ளைமார் ரமளான், வுளு, பர்ள், காளி என்றே சொல்கிறார்கள். ஸ்பானியரும் ஹவுசாக்காரரும் மலாய்க்காரரும் கிழக்கிலங்கையரும் ஒன்றுகூடிப் பேசி ஒரே பிழையைச் செய்தார்கள் என்று யாரும் நம்ப முடியாது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கரைகளில் ஒரே எழுத்துக்கு லகர வகை ஓசை வந்திருக்கிறது என்றால், சொல்லைக் கொண்டுவந்தவர்களின் வாயில் அந்த ஓசை இருந்திருக்க வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. நண்பகல் தொழுகையைக் கிழக்கில் ளுஹர் என்கிறார்கள். ஹாபிழும் அப்படியே. இவற்றில் இருப்பது ளாத் அன்று, வேறோர் எழுத்து. சீபவைஹி அதைப் பல்லிடையே பிறக்கும் ஓசையாகவே சொல்கிறார், பக்கவாட்டு ஓசையாகச் சொல்லவில்லை. அதற்கும் தமிழர் ளகரம் போட்டிருப்பதால், இது வெறும் ஓதல் பழக்கமாக இருக்கலாமே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அரபு வழக்குகள் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டு எழுத்துகளும் காலப்போக்கில் ஓசையால் ஒன்றாகிவிட்டன என்பதே விடை. வளைகுடாவில் இன்றும் இரண்டுக்கும் ஒரே ஓசைதான். ஒன்றாகிய பிறகும் பக்கவாட்டு ஓசை நீடித்த ஒரு வழக்கு தமிழரை எட்டியிருந்தால், இரண்டுக்கும் ளகரம் வருவது இயல்பு. மலாயிலும் இதுவே நடந்திருக்கிறது; அங்கே நண்பகல் தொழுகை லோஹோர். ஓதிக்கொடுத்த ஆசிரியர்கள் வழியே இந்தப் பழக்கம் உறுதிப்பட்டிருக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. அந்த ஆசிரியர்களும் அதை எங்கிருந்தோ கேட்டுத்தான் கற்றார்கள்.

ரம்ஜானில் ஜகரம் வந்த கதை வேறு. பாரசீகத்தில் பக்கவாட்டு ஓசையும் இல்லை, அழுத்த ஓசைகளும் இல்லை. அரபின் நான்கு எழுத்துகள் அங்கே ஒரே ஓசையில், பல்லருகே உரசி அதிரும் ஸகரத்தில், போய் விழுந்தன. உருது அதை அப்படியே ஏற்றது. ஆர்க்காட்டு நவாப்பின் அலுவலகங்களிலும் பின்னர் கம்பெனியாரின் வருவாய்க் கணக்குகளிலும் வழங்கிய சொற்கள் இந்தத் தரைவழியே தமிழுக்கு வந்தவை. தமிழ் அந்த ஓசையை ஜகரமாக்கியது. விலாவை, பக்கத்தைக் குறித்த அரபுச் சொல் ஜில்லா ஆனது. முன்னிலையில் இருப்பவர் என்று பொருள்பட்ட சொல் ஹாஜர் ஆகி ஆஜர் ஆனது. பொறுப்பேற்பவரைக் குறித்த சொல் ஜாமீன் ஆனது. கைப்பற்றுதலைக் குறித்தது ஜப்தி ஆனது. இவை எல்லாவற்றின் மூலத்திலும் இருப்பது அதே ளாத் எழுத்துதான்.

மட்டக்களப்பு ஒருபோதும் நவாப்பின் ஆட்சியில் இருந்ததில்லை. போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆண்டவர்கள் வேறு. அதனால் இங்கே நீதிமன்றத்தில் ஜாமீன் கேட்பதில்லை, பிணை கேட்பார்கள். வழக்கறிஞருக்குப் பழைய பெயர் பிரக்கிராசி, உறுதி எழுதுபவர் நொத்தாரிசு. இரண்டும் ஐரோப்பியர் தந்தவை. அரபுச் சொற்கள் இங்கே வந்தது கடல்வழி. போர்த்துக்கீசரின் நெருக்குதலால் இடம்பெயர்ந்த முஸ்லிம்களில் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாறு. வந்தவர்கள் தங்கள் கரையோர வழக்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். ளகரம் வழங்கும் இடங்களை நிலப்படத்தில் குறித்தால் கேரளம், காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை, மலாய் உலகம் என்று கடலோரமாகவே போகிறது. இந்த ஊர்களின் முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதும் தற்செயலாக அமைந்ததில்லை; மத்ஹபும் ஓசையும் ஒரே கப்பல்களில் வந்தன. அரபுத் தமிழில் ழகரத்தை எழுத நேர்ந்தபோது நம் புலவர்கள் தேர்ந்ததும் ளாத் எழுத்தைத்தான். அதன் அடியில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டார்கள். அவர்கள் காதுக்கு இரண்டு ஓசையும் உறவாகவே பட்டிருக்கின்றன.

கடல் முழுக்க அரபு, தரை முழுக்கப் பாரசீகம் என்று கோடு கிழிக்கவும் முடியாது. 1409ஆம் ஆண்டு தேதியிட்டு, சீனத் தளபதி செங் ஹ காலியில் நிறுத்திய கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. கப்பல் தலைவரைக் குறிக்கும் நாகுதா பாரசீகச் சொல். நேர்ச்சை விருந்தான கந்தூரியும் பாரசீகந்தான். விருந்துக்கு விரிக்கும் துணியின் பெயர் அது. முஸ்லிம் தமிழில் வரும் புறச்சொல் எல்லாம் அரபு என்று எண்ணுவதும் ஒரு தவறு.

இந்த இருவழி வேறுபாட்டைக் காண ஆராய்ச்சி நூலகம் தேவையில்லை. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றில் அமைச்சர் ஒருவரின் இராஜினாமாச் செய்தியும் றமழான் பிறைச் செய்தியும் ஒரே பக்கத்தில் வருவது வழக்கமான காட்சி. இராஜினாமாவின் முதற்பகுதி, மனமொப்பியவர் என்ற அரபுச் சொல். பிற்பகுதி, எழுத்து என்று பொருள்படும் பாரசீகம். இசைவுப் பத்திரமாக இருந்தது பதவி விலகலாகப் பொருள் மாறியது. அதன் ஜகரமும் றமழானின் ழகரமும் ஒரே அரபு எழுத்தின் இரு பிள்ளைகள். ஒன்று டில்லி, ஆர்க்காடு வழியே நடந்து வந்தது; மற்றது பாய்மரத்தில் வந்தது.

திருத்துகிறோம் என்று புறப்படுபவர்கள் மூலத்தைவிட்டு இன்னும் விலகிப் போவதும் உண்டு. மூன்றாம் கலீபாவின் பெயரை மட்டக்களப்பில் உதுமான் என்பார்கள். உதுமாலெவ்வை என்ற பெயர் இல்லாத ஊர் கிழக்கில் இல்லை. இன்றைய பெற்றோர் அதைப் பட்டிக்காட்டுப் பெயர் என்று விலக்கி உஸ்மான் என்று வைக்கிறார்கள். அரபில் அந்த எழுத்து நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து ஊதும் ஓசை. உயிரொலிகளுக்கு நடுவே தமிழ்த் தகரம் மெலிந்து ஒலிக்கும்போது அதற்கு மிக அருகே வருகிறது. ஸகரமோ பாரசீகத்தாரின் ஓசை. ஆகவே அரபுக்கு நெருங்கிய வடிவம் உதுமான். உஸ்மான் இரண்டு மொழிகளைச் சுற்றி வந்த வடிவம். கூடுதல் அரபாக ஆவதாக எண்ணிக்கொண்டு பாரசீகத்துக்குப் போகிறார்கள். பள்ளியில் பிள்ளையின் பெயரைப் பதியும்போது உதுமானை உஸ்மான் என்று 'சரிசெய்யும்' ஒவ்வொரு கையும் ஒரு பழைய சான்றை அழிக்கிறது.

பொருளின் பக்கமும் இதே வாதம் வருகிறது. அரபில் இந்தப் பொருள் இல்லையே, எனவே தமிழ்ப் பயன்பாடு தவறு என்பார்கள். ஸியாரா என்றால் அரபில் சென்று காணுதல். இலங்கைத் தமிழில் சியாரம் என்றால் இறைநேசர் அடங்கிய இடம். செயலின் பெயர் இடத்தின் பெயரானது. ஈற்றில் ஒட்டிய மகரம் மரம், குளம் போல அதைத் தமிழ் அஃறிணைப் பெயராக்கிவிட்டது. மக்காவை மக்கம் என்று சொன்ன பழைய வழக்கும் இதே அச்சில் வார்த்ததுதான். உருதுக்காரர் இதை ஸியாரத் என்று தகர ஈற்றோடு சொல்வார்கள். தகரமில்லாத நம் சியாரம் நேரே அரபுப் பேச்சிலிருந்து வந்ததற்கு அந்த ஈறே அடையாளம். அதே சமயம் பறக்கத்து, கியாமத்து போன்றவை தகரத்தோடு இருப்பதால், இங்கேயும் இரண்டு அடுக்குகள் கலந்திருக்கின்றன. பெட்டி என்ற பொதுப்பொருளில் வழங்கிய ஸந்தூக், இங்கே இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு மட்டுமாகச் சுருங்கியது.

பொருள் மாற்றத்தைக் குற்றமாக எண்ணினால் தமிழர் அனைவரும் குற்றவாளிகள். வசூல் என்றால் மூலத்தில் வந்து சேர்தல். நமக்குப் பணம் திரட்டுதல். தகராறின் மூலப்பொருள் திரும்பத் திரும்பச் செய்தல். ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினால் சண்டை வருவதை எண்ணிப் பார்த்தால் வழி புரியும். பாக்கி மட்டும் எஞ்சியது என்ற பழம்பொருளை ஓரளவு காத்து வைத்திருக்கிறது. கடைக்காரர் பாக்கி வசூலிக்கப் போய்த் தகராறு ஆகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்தில் மூன்று அரபுச் சொற்கள் இருப்பதை யாரும் கவனிப்பதுகூட இல்லை.

இந்த வட்டாரத்தின் ஒரு சொல்லைத் தனியே சொல்ல வேண்டும்: மையவாடி. இறந்தவரைக் குறிக்கும் அரபுச் சொல் மய்யித். அது தமிழில் மையத்து என்றும் மகர ஈறு பெற்று மையம் என்றும் ஆனது. வாடி என்றால் அடைக்கப்பட்ட இடம். பாசிக்குடா, கல்குடாக் கரைகளில் மீனவர் தங்கி வலையும் கருவாடும் வைக்கும் கொட்டிலையும் வாடி என்பார்கள். இரண்டும் சேர்ந்து இறந்தோர் இடம் மையவாடி. அரபு நாட்டில் யாருக்கும் புரியாத அரபுச் சொல் இது. 2020இல் கொவிட் தொற்றால் இறந்த எவரது உடலையும் எரிக்கவே வேண்டும் என்று அரசு விதித்தது. எரிப்பதை மார்க்கம் அனுமதிக்காத குடும்பங்கள் பெரும் வேதனை அனுபவித்தன. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் முதல், நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் உடல்கள் ஓட்டமாவடி மஜ்மா நகருக்குக் கொண்டுவரப்பட்டன. முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கே அடக்கப்பட்டார்கள். அந்த மாதங்களில் தமிழ்ப் பத்திரிகைகள் அனைத்தும் ஜனாஸா, மையவாடி என்ற சொற்களை விளக்கம் ஏதும் இல்லாமலே அச்சிட்டன. எல்லோருக்கும் அவை புரிந்தன. இதைக் கெட்ட அரபு என்பவருக்கும் கெட்ட தமிழ் என்பவருக்கும், அந்த வேதனைக் காலத்தில் அந்தச் சொல் செய்த பணியைவிடப் பெரிய மறுமொழி தேவையில்லை.

குர்ஆன் ஓதும்போது ஓதல் இலக்கணத்தின்படி ஓத வேண்டும் என்று ஆலிம்கள் சொல்வதை இந்தக் கட்டுரை மறுக்கவில்லை. ஓதல் ஒரு கலை. அதற்கென ஆசிரியரும் முறையும் உண்டு. அடுப்படியிலும் கடையிலும் கடற்கரையிலும் பேசும் தமிழ் வேறு. ஓதல் மேடைக்குரிய விதியை வீட்டுப் பேச்சின் மேல் சுமத்துவதுதான் தவறு. அரபு மூலம் தெரிய வேண்டும் என்று விரும்புகிறவர் அதைத் தனியே கற்கட்டும். கற்றபின் ஒளு என்ற சொல்லைக் கேட்டால், சீபவைஹி எழுதிவைத்த ஓசைக்கு அருகே நிற்கும் ஒன்றைத் தம் பாட்டி வைத்திருந்தார் என்று அவருக்குத் தெரியும்.

கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் எம்.ஏ. நுஃமான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம் தமிழை மொழியியல் முறையில் அணுகும் வழியைத் தொடங்கிவைத்தார்கள். அந்த வேலை ஊர் ஊராக முழுமை பெற வேண்டும். ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் ஏறாவூரிலும் எண்பது வயதைக் கடந்தவர்கள் இன்னும் இந்தச் சொற்களைப் பழைய ஓசையில் சொல்கிறார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்து, யார், எந்த ஊர், எந்தச் சொல், எந்த ஓசை என்று எழுதி வைக்கட்டும். வீட்டில் யாராவது ஒளு என்றோ உதுமான் என்றோ சொன்னால், தயவுசெய்து திருத்தாதீர்கள்.